வந்துட்டாருய்யா தொரை: கிண்டலுக்கு எந்தத் தமிழ்?

பெங்களூரில் சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் ஓர் அபார்ட்மென்ட். தமிழ்க்காரர்கள் நாற்பது ஐம்பது வீடு சேர்ந்து பொங்கல் வைக்கிறார்கள். கரும்பு வாங்கும் பொறுப்பு செந்திலுடையது. விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட் போன மனுஷன், பானை பொங்கி, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கரும்போடு வந்து இறங்குகிறார். கேட்டால், சில்க் போர்டு ஜங்ஷனில் டிராஃபிக் என்கிறார். மாலையில் கிளப்ஹவுஸில் நன்றியுரை. இதைச் சொல்லி ஒரு வாரு வாராமல் விட்டால் அந்த நன்றியுரை உப்பில்லாத பொங்கல். எந்தத் தமிழில் வாருவது என்பதுதான் கேள்வி. மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, மேடைத் தமிழ்: "திரு. செந்தில் அவர்கள் போக்குவரத்து நெரிசலின் காரணமாகக் கரும்பைத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்தார் என்பதை இவ்வேளையில் நினைவுகூர்கிறோம்."

இரண்டாவது, வீட்டுத் தமிழ்: "வந்துட்டாருய்யா தொரை! காலைல ஆறு மணிக்கு சில்க் போர்டுல டிராஃபிக்காம்."

மூன்றாவது, மேடையில் ஏறி வீட்டுக்குள் இறங்குவது: "கரும்புக் குழுத் தலைவர் திரு. செந்தில் அவர்கள் அதிகாலையிலேயே சந்தைக்குப் புறப்பட்டு, கடும் போக்குவரத்து நெரிசலையும் பொருட்படுத்தாது, கரும்பைக் கொண்டுவந்து சேர்த்தார்… எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்புறம்."

மூன்றிலும் செய்தி ஒன்றுதான். முதலாவதைக் கேட்டால் அவையில் ஒரு சின்ன அமைதி. செந்தில் முகம் சுருங்கும். இரண்டாவதுக்கு அவரே சிரிப்பார். மூன்றாவதுக்கு, ஆளைப் பொறுத்து, கூட்டம் அதிரலாம் அல்லது பாதிப் பேர் முழிக்கலாம். ஏன் இப்படி என்று பார்த்தால், பேச்சுத் தமிழ் 'இயல்பானது', எழுத்துத் தமிழ் 'செயற்கையானது' என்று வழக்கமாகச் சொல்கிற பதில் பாதிதான் சரி. விஷயம் வாக்கியத்தின் உறுப்புகளில் இருக்கிறது.

முதல் உறுப்பு, வினைக்குப் பின்னால் வரும் வால். எழுத்துத் தமிழில் வினைமுற்று வந்ததும் வாக்கியம் முடிந்தது. அதற்குப் பிறகு வழக்கமாக ஒன்றும் வராது. "துரை வந்துவிட்டார்" என்றால் தகவல். பேச்சில் வினை முன்னால் ஓடிவிடும், ஆள் பின்னால் வருவார்: "வந்துட்டாருய்யா… தொரை." அந்த வினைக்கும் பெயருக்கும் நடுவில் ஓர் அரை நொடி இருக்கிறது. கேட்கிறவர் அந்த அரை நொடியில் செந்திலைத் திரும்பிப் பார்த்துவிடுவார். அதன் மேல் வந்து விழுகிறது 'தொரை'. "என்ன பண்ணாரு, பெரிய மனுசன்", "சாப்ட்டாச்சா, மவராசா" எல்லாம் இதே கட்டுதான். மூன்றாவது வழியில் சிரிப்பு வரும் இடத்தையும் பாருங்கள்: "கொண்டுவந்து சேர்த்தார்" என்று வினைமுற்று வந்து முறைப்படி முடிந்த பிறகு ஒட்டுகிற வாலில்தான் வருகிறது. அதே வாலை முறைப்படி முன்னால் வைத்து, "எல்லாரும் சாப்பிட்டு முடித்த பின்னர் கரும்பைக் கொண்டுவந்து சேர்த்தார்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். புகார் மாதிரி ஒலிக்கும்.

இரண்டாவது உறுப்பு 'ஆம்'. "டிராஃபிக்காம்" என்பதில் கடைசியில் இருக்கிற அந்த ஓரசைச் சங்கதிதான் முழுக் கிண்டலும். 'அவர் சொல்கிறார், நான் சொல்லவில்லை' என்று பொறுப்பை எதிராளி தலையில் வைக்கிறது; குரலைக் கொஞ்சம் இழுத்தால் 'நம்பிட்டோம், போ' என்றும் சொல்லிவிடுகிறது. நேர்மையாகச் சொன்னால் இது பேச்சுக்கு மட்டும் சொந்தமில்லை. எழுத்திலும் 'சிக்கிக்கொண்டாராம்' என்று எழுதலாம். ஆனால் செய்தித்தாளும் அறிக்கையும் அந்த இடத்தில் 'கூறப்படுகிறது', 'தெரிவித்தார்' என்று எழுதிப் பழகிவிட்டன. அதனால் மேடைத் தமிழில் 'ஆம்' வைத்தவுடன் அது மேடையிலிருந்து ஒரு படி இறங்கிவிடுகிறது.

மூன்றாவது, துணைவினைகள். இதில்தான் பேச்சின் உண்மையான சொத்து இருக்கிறது. 'வந்தார்' என்பது நிகழ்ச்சி. 'வந்துட்டாரு' என்றால் ஒருவழியாக வந்தார். 'வந்து சேந்தாரு' என்றால் நாம் காத்துக் கிடந்தோம். 'வந்து தொலஞ்சாரு' என்றால் எரிச்சல். "எழுதித் தள்ளிட்டாரு", "பேசிக் கிழிச்சாரு", "வாங்கிக் கிழிச்சாரு" என்று ஒவ்வொன்றும் செய்த காரியத்தை விட்டுவிட்டு அதைப் பார்க்கிறவர் மனநிலையைச் சொல்கிறது. கோபத்தின் அளவை இதில் திருகிக்கொள்ளலாம்: செந்திலுக்கு 'வந்து சேந்தாரு' போதும். 'தொலஞ்சாரு' என்றால், அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, அது வேறு விஷயம். 'கிழிச்சாரு' நெருங்கிய வட்டத்துக்குள் மட்டும். எழுத்துத் தமிழில் இந்தத் திருகாணி ஏறக்குறைய இல்லை. 'தாமதமாக' என்று ஒரு வினையடையை வைத்தாக வேண்டும். அது வெறும் அளவு, அதில் பார்க்கிறவர் இல்லை. குற்றப்பத்திரிகையிலும் அதே சொல்தான் வருகிறது.

'வந்தாச்சா?' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் நீ, நீங்க எதுவும் இல்லை. 'ஆச்சு' சேர்ந்தால் வினை யாருடையது என்ற விகுதியே போய்விடும். மரியாதை கொடுக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தன்னைவிட வயதில் மூத்த, ஆனால் உரிமையாகப் பழகுகிற ஒருவரை வாருவதற்கு இதைவிடப் பாதுகாப்பான வினை தமிழில் இல்லை என்றே தோன்றுகிறது. இதற்கு நேர் எதிரான வித்தையும் உண்டு: தினமும் 'டா' போட்டுப் பேசுகிற நண்பனை, அன்றைக்கு மட்டும் "வாங்க சார், வாங்க, உக்காருங்க" என்று வரவேற்பது. மரியாதையே அடி. இது வேலை செய்ய முதலில் 'டா' இருந்திருக்க வேண்டும். மேடைத் தமிழில் எல்லாரும் எப்போதும் 'அவர்கள்'தான். ஏற்றுவதற்குப் படி கிடையாது.

இவை எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன? கிண்டலுக்கு ஆளானவருக்குத் திருப்பி அடிக்க இடம் விடுகின்றன. "காலைல ஆறு மணிக்கு டிராஃபிக்காம்" என்றால் செந்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம்: "அண்ணே, நீங்க எந்திரிச்சது எத்தன மணிக்குன்னு அண்ணியக் கேக்கட்டுமா?" அதே கட்டு, அதே எடை. முதல் வாக்கியத்துக்கு இப்படிப் பதில் சொல்ல முடியுமா? "தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்தார் என்பதை நினைவுகூர்கிறோம்" என்றால் இரண்டே பதில்தான்: விளக்கம் அல்லது வருத்தம். பேச்சுத் தமிழ்க் கிண்டலில் இருக்கிற அந்த நெருக்கம் சொற்களின் இனிமையால் வருவதில்லை. பதிலுக்குக் கிடைக்கிற இடத்தால் வருகிறது. தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காகச் சொல்கிறது. அதில் எள்ளலுக்கு உரை சொன்ன பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவது என்று இரண்டு வகை காட்டுகிறார். இரண்டாவது வகை இல்லாத கிண்டல் மேடையில் ஏறக்கூடாது.

அப்படியானால் எழுத்துத் தமிழால் கிண்டலே ஆகாதா? ஆகும், அதுவும் கொடூரமாக ஆகும். பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர், நாகையில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்து பாடியதாகச் சொல்லப்படும் வெண்பா இதற்குச் சாட்சி: "கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில் அத்தமிக்கும் போதில் அரிசி வரும், குத்தி உலையிலிட ஊரடங்கும், ஓரகப்பை அன்னம் இலையிலிட வெள்ளி எழும்." பொழுது சாயும்போது அரிசி வருகிறது, குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடுகிறது, ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுகிறது. செந்திலின் கரும்புக்கு ஐநூறு அறுநூறு வருஷம் மூத்த தாமதம்.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். மேலே சொன்ன உறுப்புகளில் ஒன்றும் அதில் இல்லை. முகத்தில் சலனமே இல்லாமல் மூன்று நேரங்களை அடுக்குகிறார், அவ்வளவுதான். சத்திரக்காரர் மனம் நொந்தபோது அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொன்னார் என்பது செவிவழிக் கதை: நாட்டில் தானியம் அற்றுப்போகும் காலத்திலும் இங்கே அரிசி வரும், ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் அன்னத்தின் வெண்மை வெள்ளியைப் போல் எழும் என்று. அதாவது எழுத்துத் தமிழ்க் கிண்டலிலும் தப்பிக்கும் வாசல் இருக்கிறது. பேச்சில் அந்த வாசலை ஓர் இடைச்சொல் திறக்கிறது. எழுத்தில் அதைத் திறக்கச் சிலேடை வேண்டும், சிலேடைக்குக் காளமேகம் வேண்டும். நமக்கு மாலைக்குள் நன்றியுரை வேண்டும்.

எழுத்துத் தமிழ் பொருந்துகிற ஓர் இடம் உண்டு. வார வேண்டியது ஆள் இல்லாமல் ஓர் அமைப்பாக இருந்தால், திருப்பிப் பேச அது அங்கே இல்லாவிட்டால், அதன் மொழியையே எடுத்து அதன் மேல் போடலாம். லிஃப்ட் மூன்று நாளாக ஓடவில்லை என்றால், "மின்தூக்கியானது தற்போது மூன்றாம் தளத்தில் ஓய்வெடுத்து வருகிறது, அன்பர்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று ஒரு தாள் ஒட்டலாம். நோட்டீஸ் மொழியின் விறைப்பே அங்கே வேடிக்கை. எதிரில் ஆள் இல்லாததால் யாருக்கும் சுடாது.

இப்போது மூன்றாவது வழி. எழுத்தில் பார்த்தால் மூன்றிலும் சிறந்தது இதுதான். மேடைக்கு ஏற்ற கனம், விழும்போது சத்தம், புகழ்ந்தபடியே வாருகிற வஞ்சப்புகழ்ச்சி, எல்லாம் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். பெங்களூரில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கிண்டல் ஒரு சறுக்கல். உயரத்திலிருந்துதான் சறுக்க முடியும். 'பொருட்படுத்தாது', 'புறப்பட்டு' என்பது உயரம் என்று தெரிந்தவருக்குத்தான் விழுந்தது தெரியும். இங்கே பிறந்து, பள்ளியில் கன்னடமும் இந்தியும் படித்து, தமிழை வீட்டில் காதால் மட்டும் கற்ற பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. மேடைத் தமிழ் வானொலிச் செய்தி மாதிரி. அவர்களுக்கு முதல் பத்துச் சொல்லும் வெறும் இரைச்சல், பிறகு "சாப்ட்டு முடிச்சப்புறம்" என்று ஒரு சாதாரண வாக்கியம். அப்பா ஏன் சிரிக்கிறார் என்று பிள்ளை அம்மாவைக் கேட்கும். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களிலும் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய உண்டு.

இதற்கு மருந்து, உயரத்தைக் குறைப்பதுதான். எல்லாருக்கும் காதில் விழுந்து பழகிய மேடைச் சொற்கள் என்று நாலைந்து இருக்கின்றன: 'திரு', 'அவர்கள்', 'தலைவர்', 'நன்றி', 'வருக வருக'. கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் மைக்கிலும் கேட்டவை. அவற்றைக்கொண்டே ஏணி கட்ட வேண்டும். "கரும்புக் குழுத் தலைவர் திரு. செந்தில் அவர்கள் கரும்பு கொண்டுவந்தார்… எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்புறம்." சறுக்கல் குட்டை, ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள். 'பொருட்படுத்தாது' போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டுத் தமிழை எடுத்தால் அடுத்த கேள்வி: எந்த வீட்டுத் தமிழ்? அந்தக் கூட்டத்தில் கோயம்புத்தூர், திருநெல்வேலி, ஓசூர், சென்னை, பெங்களூரிலேயே பிறந்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். பேசுகிறவர் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசிவிட வேண்டும். திருநெல்வேலிக்காரர் "ஏலே, வந்துட்டான்லே" என்றால் ஊரே சிரிக்கும். அதையே சென்னைக்காரர், செந்தில் திருநெல்வேலி என்பதற்காகச் சொன்னால், கிண்டல் தாமதத்தை விட்டு ஊர் மேல் போய்விடும். செந்தில் சிரிக்கலாம், பின்வரிசையில் இருக்கிற இன்னொரு திருநெல்வேலிக்காரர் சிரிக்க மாட்டார். ஒரு சாதியின் வீட்டுப் பேச்சு என்று கேட்டவுடன் தெரியும் சொற்களை மைக்கில் நடித்துக் காட்டுவது இதைவிட மோசம். அங்கே எந்தத் துணைவினையும் காப்பாற்றாது.

'தொரை' என்ற சொல் இந்த ஊருக்கு நல்ல தேர்வு. கன்னடத்தில் 'தொரெ' என்றால் அரசன். விழாவுக்கு வந்திருக்கும் கன்னடப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாதி புரிந்துவிடும். அவர்கள் அன்றைக்கு எள்ளும் வெல்லமும் கொடுத்து, 'எள்ளு பெல்ல திந்து ஒள்ளே மாத்தாடி' என்று, தின்றுவிட்டு நல்லதாகப் பேசச் சொல்லியிருப்பார்கள். நாம் எள்ளை வாங்கிக்கொண்டு எள்ளலில் இறங்குகிறோம். இருக்கட்டும்.

விழா முடிந்து அதே கிண்டல் வாட்ஸப் குரூப்புக்குப் போகும்போது விதி மாறுகிறது, ஏனென்றால் குரல் போய்விடுகிறது. "வந்துட்டாருய்யா" என்பதில் பாதி, அந்த 'ய்யா'வின் இழுவை. எழுத்தில் அதை மீட்க மூன்று நான்கு வழி கையாள்கிறார்கள், எல்லாம் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. 'ரொம்ப்ப்ப்ப' என்று மெய்யை அடுக்கினால் கண் தடுக்கும். 'ப்' போன்ற வல்லின மெய்யை இழுத்து உச்சரிக்க முடியாது என்று காதுக்குத் தெரியும். 'நல்லாஆஆ இருக்கு' என்று உயிரை நீட்டினால் சரியாக ஒலிக்கும். இது நம் அளபெடைதான். குறளில் 'உழாஅர்' என்று வருவதும் இதே ஏற்பாடு. நாற்பது பேர் உள்ள குரூப்பில் இலக்கணப்படி கிண்டல் செய்த பெருமையும் சேரும்.

எழுதும்போது செய்கிற பெரிய பிழை, எல்லாச் சொல்லையும் பேச்சாக்குவது. "காலீல ஆறு மணிக்கி சில்க்கு போடுல" என்று பெயர்ச்சொற்களையும் உடைத்தால் படிக்கிறவர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார். சிரிப்பு வந்து சேரும்போது கரும்பு மாதிரி ஆகிவிடும். வினையையும் விகுதியையும் இடைச்சொல்லையும் மட்டும் பேச்சில் எழுதி, பெயரைக் கண்ணுக்குப் பழகிய வடிவத்திலேயே விட்டால் போதும். 'வந்துட்டாரு' என்று கடைசி உகரத்தை எழுதினாலே படிக்கிறவர் காதில் மீதி வாக்கியம் தானாகப் பேச்சாகிவிடும். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அதில் பட்டும் பாட்டும் ஒன்றாகிவிடும், இழுவையை நம்பிய கிண்டல் அங்கே நிற்காது. அவர்களுக்கு 'டிராஃபிக்காம்' போல, எழுத்து எப்படி மாறினாலும் சாகாத இடைச்சொல்லை நம்பிய வரிதான் சரி.

எதிரொலிச் சொல்லும் அப்படிச் சாகாதது: 'டிராஃபிக்கு கிராஃபிக்கு', 'மீட்டிங்கு கீட்டிங்கு'. முதல் எழுத்தைத் தூக்கிவிட்டுக் குறிலுக்குக் 'கி', நெடிலுக்குக் 'கீ' போடும் இந்த ஏற்பாடு எந்த ஆங்கிலச் சொல்லையும் ஒரு நொடியில் தமிழ்க் கேலியாக்கிவிடும். "டிராஃபிக்கு கிராஃபிக்குன்னு கத விடாதீங்க தொரை" என்றால் பெங்களூர் ஐடிக்காரர் யாருக்கும் உரை தேவையில்லை. ஒரு பேச்சில் ஒருமுறை. இரண்டாவது முறை வந்தால் சிறுவர் விளையாட்டு மாதிரி ஆகிவிடும். இடைச்சொற்களுக்கும் இதே கணக்குதான். ஒரு வரியில் 'ஆம்', 'ய்யா', 'ஆக்கும்' மூன்றையும் திணித்தால், கிண்டல் செய்கிறேன் என்று போர்டு மாட்டிக்கொண்டு வருவது போலிருக்கும்.

ஆக, செந்திலுக்கு: மேடையில், குட்டையாக்கிய மூன்றாவது வழி. அது முடிந்த கையோடு, கூட்டம் சிரிக்கும்போதே, "காலைல ஆறு மணிக்கு சில்க் போர்டுல டிராஃபிக்காம்" என்று இரண்டாவது வழியில் ஒரே ஒரு வரி. குரூப்பில் அந்தக் கடைசி வரி மட்டும், கரும்புக் கட்டோடு அவர் நிற்கும் படத்துக்குக் கீழே. முதல் வழியை நன்றி சொல்லும் பத்திக்கு வைத்துக்கொள்ளலாம். கரும்புக்கு உண்மையாகவே நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. வரி முடிந்ததும் அடுத்த பெயருக்குத் தாவாமல், மைக்கை முன்வரிசைப் பக்கம் நீட்டி அரை நிமிடம் நிற்க வேண்டும். அண்ணி எத்தனை மணிக்கு எழுப்பினார்கள் என்ற விவரம் அப்போதுதான் வெளியே வரும்.